காலஞ்சென்ற அப்பாவின் வீட்டுக்கடன்: வங்கிக்கு எழுதும் கடிதத்தில் எதைக் கேட்பது, எதை எழுதாமல் விடுவது

கேள்வி: அப்பா தவறி நாலு மாசம் ஆகுது. கிருஷ்ணகிரியில ஒரு பேங்க் கிளையில அவர் பேர்ல மட்டும் வீட்டுக்கடன் இருக்கு. 2017-ல வாங்கினது. கடைசி மாசம் அவர் எடுத்து வெச்ச ஸ்டேட்மெண்ட்ல அசல் 5,60,000, வட்டி 9 சதவீதம்னு இருக்கு. நேர்ல போனா "ஆறு லட்சத்துப் பத்தாயிரம் வரும்மா, கட்டிட்டுப் பத்திரத்த வாங்கிக்கோங்க"ன்னு வாயாலதான் சொல்றாங்க, எழுதித் தரமாட்டேங்கறாங்க. அம்மாவும் தம்பியும் போச்சம்பள்ளி பக்கம் ஊர்ல இருக்காங்க, நான் ஓசூர்ல வேலை பார்க்கறேன். பாக்கி விவரமும் கணக்கை முடிக்கற நிபந்தனையும் கேட்டு லெட்டர் எப்படி எழுதறது? எழுதினா கடன் என் தலையில விழுந்துடுமா?

பதில்:

கேட்டு எழுதினால் விழாது. "நான் கட்டுகிறேன்" என்று எழுதினால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக் கிளைகளிலும் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மேசைக்கு அந்தப் பக்கம் உங்கள் கடிதத்தை எப்படிப் படிப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பொறுப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். கடன் அப்பாவின் பெயரில் மட்டும் இருக்கிறது. நீங்களோ அம்மாவோ தம்பியோ கூட்டுக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடவில்லை என்றால், அப்பா விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான் வங்கி வாரிசுகளிடம் கேட்க முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். அடமானத்தில் இருக்கிற வீடு வங்கிக்குக் கட்டுப்பட்டது. உங்கள் ஓசூர் சம்பளம், உங்கள் நகை, உங்கள் பெயரில் நீங்களே போட்ட டெபாசிட் எதுவும் கட்டுப்பட்டதல்ல. "ஆண் பிள்ளை அப்பன் கடனை அடைத்தே தீரணும்" என்று ஊரில் யாராவது தம்பியை மிரட்டினால், அந்தப் பழைய விதி 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, அதற்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு எடுபட்டுப் போய்விட்டது. உங்கள் அப்பாவின் கடன் 2017-இல் வாங்கியது.

நீங்கள் யாரும் கூட்டாகக் கையெழுத்துப் போடவில்லை என்பதைக் கடன் ஒப்பந்த நகலைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். வீட்டுக்கடனில் மனைவியையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். அம்மாவின் கையெழுத்து அதில் இருந்தால் அவர் கடன்தாரர்தான். மேலே சொன்ன வரம்பு அவருக்குப் பொருந்தாது, கடிதமும் அவர் பெயரில் போவதுதான் சரி. அதனால்தான் கீழே உள்ள கடிதத்தில் ஒப்பந்த நகலையும் கேட்டிருக்கிறேன்.

இப்போது எழுதக்கூடாததைப் பற்றி. நான் பார்த்த வாரிசுக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்கும்: "என் தந்தை வாங்கிய கடன் முழுவதையும் நான் செலுத்திவிடுகிறேன், சற்று அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." மரியாதைக்காக எழுதுவதுதான். ஆனால் அது கோப்பில் ஏறிவிட்டால், விவரம் கேட்டு வந்த கடிதமாக யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள், பணம் தருவதாகச் சொன்ன கடிதமாகத்தான் பார்ப்பார்கள். காலவரம்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி, வங்கி வழக்குப் போடுவதற்கான கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். இதே காரணத்துக்காகத்தான் நீங்கள் கிளைக்குப் போகும்போது அச்சடித்த தாள் ஒன்றை நீட்டுவார்கள்: "ரிவைவல் லெட்டர்" அல்லது "பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்". கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கோப்பில் அது இருக்கிறதா என்று தணிக்கைக்காரர் கிளை அதிகாரியைக் கேட்பார். ஆனாலும் எழுத்தில் கணக்கு கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போட உங்களுக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. "ஸ்டேட்மெண்ட் கொடுங்க சார், வீட்ல மூணு பேரும் பார்த்துட்டு சொல்றோம்" என்றால் போதும்.

உங்கள் விஷயத்தில் இது உயிர் போகிற ஆபத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடமானக் கடனுக்குக் கெடு பன்னிரண்டு வருஷம். வீட்டை விட்டுவிடும் எண்ணமும் உங்களுக்கு இருக்காது. எப்படியும் கட்டி மீட்கத்தான் போகிறீர்கள். ஆனால் கட்டுவது வீட்டை மீட்பதற்காக, அப்பா சொத்தின் வாரிசுகளாக. அந்த வித்தியாசம் கடிதத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.

சரி, ஏன் எழுதித் தரவில்லை? இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, கணக்கு விவரம் ரகசியம். நீங்கள் மகள் என்பதற்கு அவர்கள் கோப்பில் ஆதாரம் ஏதும் இல்லாமல் தாளில் கொடுத்தால் நாளைக்குக் கிளை அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, முடிப்புத் தொகை தினமும் மாறும், தேதி சொல்லாமல் கேட்டால் அவரால் ஒரு எண்ணை எழுத முடியாது. கடிதத்தோடு இறப்புச் சான்றும் வாரிசு சான்றும் வைத்து, ஒரு தேதியையும் குறிப்பிட்டுக் கேட்டால் இரண்டு காரணமும் போய்விடும்.

வாரிசு சான்று அப்பா குடியிருந்த வட்டத்துத் தாசில்தார் கொடுப்பது. நீங்கள் ஓசூரில் இருப்பதால் ஓசூர் தாலுகாவில் கேட்க முடியாது, போச்சம்பள்ளி வட்டத்துக்குத்தான் போக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், விஏஓ விசாரணைக்கு வருவார். அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவர் பெயரும் சான்றில் வர வேண்டும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாயும் முதல் நிலை வாரிசு. "பாட்டிதானே" என்று விட்டுவிட்டு வந்தவர்களை, பணமெல்லாம் கட்டி முடித்த பிறகு, பத்திரம் வாங்கும் நாளில் வங்கி வக்கீல் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். சான்று இன்னும் வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இறப்புச் சான்றையும், உங்கள் தந்தை பெயர் உள்ள ஏதாவது அடையாளச் சான்றையும் வைத்து முதல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "வாரிசு சான்று பின்னர் அளிக்கப்படும்" என்று எழுதிவிடுங்கள்.

ஏன் அவசரம் என்றால், நாலு மாசம் என்கிறீர்கள். அப்பா இறந்த தகவலை வங்கி பதிந்ததும் அவருடைய சேமிப்புக் கணக்கில் பற்று நின்றுவிடும். அதோடு அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த மாதத் தவணையும் நின்றுவிடும். குடும்பம் "கடனை நிறுத்தி வெச்சிருக்காங்க போல" என்று நினைத்துக்கொள்ளும். கடன் நிற்பதில்லை, தவணைதான் நிற்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதனால் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கில் இறப்புக்குப் பிறகு தவணை போயிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நின்று போயிருந்தால், கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்கலாம். வீட்டை மீட்பது என்று முடிவாகியிருந்தால் அம்மா பெயரில் ஒன்றிரண்டு தவணை கட்டி வைப்பது நல்லதுதான்.

இனி அந்த ஆறு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வருவோம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. 5,60,000-க்கு 9 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 50,400. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி 138 ரூபாய் சொச்சம். ஒரு தவணையும் கட்டவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் 120 நாளுக்கு சுமார் 16,570. மாதாமாதம் வட்டி அசலோடு சேர்வதால் இன்னும் இருநூறு ரூபாய்க்குள் கூடும். ஆக 5,76,800-க்குள் அடங்க வேண்டிய தொகை. வாயால் சொன்னதற்கும் இதற்கும் முப்பத்து மூவாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

அது தப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. கிளைக்காரர் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம். தவணை தவறியதற்கு அபராதம் போட்டிருக்கலாம், ஆனால் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி அதை வட்டியாகப் போடக்கூடாது, தனிக் கட்டணமாகத்தான் காட்ட வேண்டும், அதன் மேல் வட்டி ஏற்றவும் கூடாது. பழைய கடன்களையும் 2024 நடுவிலிருந்து இந்த முறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் சேர்த்திருந்தால் அதை ஏற்கவே வேண்டாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்னதாக முடிக்க வங்கிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2012-லேயே சொல்லியாகிவிட்டது. உங்களுடையது மாறும் வட்டியா நிலையான வட்டியா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும்.

என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. அப்பா பெயரில் இன்னொரு சின்னக் கடன் கணக்கு இருக்கலாம். வீட்டுக்கடன் கொடுக்கும்போது கடன் காப்பீடு போட்டு, அதன் ஒரே தவணைப் பிரீமியத்தையும் கடனாகவே கொடுத்து, அதற்குத் தனிக் கணக்குத் திறக்கும் வழக்கம் சில வங்கிகளில் உண்டு. முடிப்புத் தொகை கேட்டால் இரண்டையும் கூட்டிச் சொல்வார்கள். அப்படி ஒரு கணக்கு இருந்தால் முப்பதாயிரம் கூடுவது பெரிய செய்தியே இல்லை. அப்பாவின் உயிருக்குக் காப்பீடு இருந்திருக்கிறது என்பதுதான் பெரிய செய்தி. அப்படியானால் கடனில் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் நேராக வங்கிக்குக் கட்ட வேண்டும். நீங்கள் அஞ்சு பைசா புரட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

இதைக் கண்டுபிடிக்க, கடன் கணக்கின் முதல் மூன்று மாத ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். கடைசி மூன்று மாதத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். 2017-இல் கடன் வழங்கிய நாளை ஒட்டி ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் பற்று இருந்தால் அதுதான் பிரீமியம். கவனிக்க: இந்தப் பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வரும், சான்றிதழின் பின்பக்கத்தில் அட்டவணை இருக்கும். இறந்த மாதத்துக்கு அட்டவணையில் என்ன தொகையோ அதுதான் வரும். அதற்குப் பிறகு ஏறிய வட்டியும் முன்பே நின்றிருந்த தவணையும் பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான். வெறும் தீ விபத்து, கட்டடக் காப்பீடாக இருந்தால் இது எதுவும் கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்படியே சேமிப்புக் கணக்கில் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, இரண்டு லட்சம். 55 வயது வரைதான். 20 ரூபாய் போயிருந்தால் அது விபத்துக்கு மட்டும். இந்தப் பணம் நியமனதாரருக்கு உரியது, கடனில் வரவு வைக்கப்படுவதல்ல.

கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். மேலாளர் வெளி மாநிலத்துக்காரராக இருந்தாலும் கிளையில் படித்துச் சொல்ல ஆள் உண்டு. கடன் கணக்கு எண்ணையும் தேதியையும் மட்டும் பெரிதாக, தெளிவாக எழுதுங்கள்.

அனுப்புநர்:
(உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்:
கிளை மேலாளர், (வங்கி, கிளை), கிருஷ்ணகிரி.

பொருள்: காலஞ்சென்ற திரு. ........ அவர்களின் வீட்டுக்கடன் கணக்கு எண் ........ தொடர்பான நிலுவை விவரமும் கணக்கை முடிப்பதற்கான நிபந்தனைகளும் எழுத்துப்பூர்வமாகக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட கணக்கின் கடன்தாரரான என் தந்தை திரு. ........ அவர்கள் ........ அன்று காலமானார். நான் அவருடைய மகள். அவருடைய வாரிசுகள்: மனைவி ........, மகள் (நான்), மகன் ......... இறப்புச் சான்றும் வாரிசு சான்றும் இணைத்துள்ளேன்.

கடன் கணக்கைக் குறித்து வாரிசுகள் முடிவெடுக்க வசதியாகக் கீழ்க்கண்ட விவரங்களைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. என் தந்தையின் பெயரில் தங்கள் வங்கியில் உள்ள எல்லாக் கடன் கணக்குகளின் பட்டியல். அவற்றில் கூட்டுக் கடன்தாரர், ஜாமீன்தாரர் எவரேனும் இருந்தால் அவர் விவரம்.

2. கடன் வழங்கிய நாள் முதல் இன்று வரையிலான முழுக் கணக்கு அறிக்கை.

3. ........ தேதியன்று (இன்றிலிருந்து பதினைந்து நாள் தள்ளி ஒரு தேதி) கணக்கை முடிப்பதாயின் செலுத்த வேண்டிய தொகை. அசல், வட்டி, அபராதக் கட்டணம், இதரக் கட்டணங்கள் ஆகியவை தனித்தனியாக. அத்தேதிக்குப் பிறகு நாளொன்றுக்குக் கூடும் வட்டி.

4. தந்தையார் இறந்த நாளில் இருந்த நிலுவை. தற்போது கணக்கு எந்த வகைப்பாட்டில் உள்ளது என்ற விவரம்.

5. கடனோடு இணைந்த ஆயுள் காப்பீடு ஏதேனும் உள்ளதா என்ற விவரம். இருப்பின் காப்பீட்டுச் சான்றின் நகலும் கோரிக்கைப் படிவமும். காப்பீட்டுக் கோரிக்கை முடியும் வரை மீட்பு நடவடிக்கை எடுக்காதிருக்கவும் வேண்டுகிறேன்.

6. கடன் அனுமதிக் கடிதம், கடன் ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்.

7. கணக்கை முடித்தபின் வாரிசுகளிடம் அசல் ஆவணங்களை ஒப்படைக்கத் தாங்கள் கேட்கும் சான்றுகளின் பட்டியல். தங்களிடம் உள்ள அசல் ஆவணங்களின் பட்டியல்.

8. ஒரே தொகையாகச் செலுத்தாமல் வாரிசுகளில் ஒருவர் பெயரில் தவணையைத் தொடர வழி இருந்தால் அதற்கான நிபந்தனை.

இக்கடிதம் விவரம் கோருவதற்காக மட்டுமே எழுதப்படுகிறது. இதைக் கடன் ஒப்புதலாகவோ, என் தனிப்பட்ட பொறுப்பேற்பாகவோ கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, பெயர், தேதி)
இணைப்பு: ........

அம்மா, தம்பி இருவரும் கீழே "எங்களுக்குச் சம்மதம்" என்று கையெழுத்துப் போட்டால் கடிதம் இன்னும் வலுவாகும். இல்லாவிட்டால் "உங்க தம்பி வந்து சொல்லட்டும்" என்று ஒரு நடை கூடும்.

நாலாவது கேள்வி எதற்கு என்று தோன்றலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு இறந்த நாளின் நிலுவை தேவை, அது ஒன்று. வாராக்கடன் ஆகிவிட்டதா என்று தெரிந்தால் பேச்சு வார்த்தையே வேறு மாதிரி போகும், இது இரண்டு. வாராக்கடன் ஆன கணக்குக்கு ஒரே தடவைத் தீர்வு என்று சலுகை கேட்க வழி உண்டுதான். ஆனால் கடனைப்போல் பல மடங்கு விலைபோகிற வீடு அடமானத்தில் இருக்கும்போது எந்த மேலாளரும் அசலில் கை வைக்கப் பரிந்துரைக்க மாட்டார். அபராதக் கட்டணத்தையும் நோட்டீஸ் செலவையும் தள்ளுபடி செய்யக் கேளுங்கள், மேலிடம் அதைப் பெரும்பாலும் பரிசீலிக்கும். அசலில் பாதி போகும் என்று யாராவது புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இதற்குள் வங்கியிடமிருந்து, அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழி தரும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்த நோட்டீஸ் வந்திருந்தால் மேலே உள்ள கடிதம் மட்டும் போதாது. அந்த நோட்டீசுக்குத் தனியாக எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், அதற்கு வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலையை ஒரு வக்கீலை வைத்துச் செய்யுங்கள்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், உங்கள் பிரதியில் கிளை முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். "வெச்சுட்டுப் போங்கம்மா" என்றால் வைத்துவிட்டு வர வேண்டாம். முத்திரை போட மறுத்தால் அன்றே தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் செய்து, டெலிவரி ஆன விவரத்தை எடுத்து வையுங்கள். கிளையின் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். பதில் வராவிட்டால் வட்டார அலுவலகத்துக்குப் புகார். வங்கிக்குப் புகார் போய் 30 நாள் ஆகியும் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போடலாம், கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்பது வங்கிக்குப் புகார் கொடுத்ததற்கான ஆதாரத்தைத்தான். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுப்பதும் நம் பக்கம் பலன் தரும், அது மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் வழியாகக் கிளைக்கு வரும். கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த தாளை எந்தக் கிளையும் ஓரமாக வைக்காது.

பதில் வந்ததும், மூன்றாவது கேள்விக்குக் கொடுத்த எண்ணை மேலே போட்ட கணக்கோடு ஒத்துப் பாருங்கள். ஒரு நாள் வட்டி 138-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இருநூறுக்கு மேல் எழுதியிருந்தால் வட்டி விகிதமோ அசலோ நீங்கள் நினைப்பது இல்லை, எது என்று கேளுங்கள். கட்டுவது காசோலையாகவோ நெஃப்ட்டாகவோ நேராகக் கடன் கணக்குக்கே போகட்டும். வசூலுக்கு வருகிற ஆளின் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

ஆவணப் பட்டியலை வாங்கும்போது நம்ம ஊருக்கே உரிய ஒரு குழப்பம் வரும். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் எழுதிய பத்திரத்தில் "தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்" என்றிருக்கும். தாய்ப்பத்திரம் 1965-க்கு முந்தியது என்றால் "சேலம் மாவட்டம்" என்றே இருக்கும், தர்மபுரியே அப்போது சேலத்தில்தான் இருந்தது. போச்சம்பள்ளி வட்டம் என்ற பெயரே பழைய பத்திரத்தில் இருக்காது. பட்டியலைப் பார்த்து "இது நம்ம பத்திரம் இல்லையே" என்று பதறாமல் சர்வே எண்ணையும் ஆவண எண்ணையும் வருஷத்தையும் ஒத்துப் பாருங்கள். பட்டியலில் தாய்ப்பத்திரம் விடுபட்டிருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், கட்டிய பிறகு தேடுவதில் யாருக்கும் அவசரம் இருக்காது.

முழுத் தொகையும் கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது, அது அந்த வருஷம் டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்துவிட்டது என்றால் நகல் வாங்க உதவும் செலவும் வங்கியுடையது, அதற்கு இன்னொரு 30 நாள் உண்டு. கடன்தாரர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு எப்படித் தருவோம் என்ற நடைமுறையை வங்கி தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. ஆனால் "வாரிசுகள் காகிதம் முழுதாகத் தரவில்லை" என்று வங்கி காட்டிவிட்டால் அந்த 5,000 கணக்கில் வராது. ஏழாவது கேள்வியை முன்கூட்டியே வைத்திருப்பது இதற்காகத்தான். அவர்கள் கொடுத்த பட்டியலில் உள்ள எல்லாச் சான்றையும் பணம் கட்டும் அன்றே கொடுத்து அதற்கும் முத்திரை வாங்கிவிட்டால், 30 நாள் அன்றிலிருந்து ஓடும். வழக்கமாக எல்லா வாரிசுகளும் நேரில் வந்து கையெழுத்திடச் சொல்வார்கள், அல்லது ஒருவர் வாங்கிக்கொள்ள மற்றவர்களின் சம்மதக் கடிதம் கேட்பார்கள்.

பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுக்கடனுக்குப் பத்திரத்தை ஒப்படைத்த ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும், வில்லங்கச் சான்றில் அது கடனாகவே நிற்கும். அதை நீக்க வங்கி அதிகாரி ஒருவர் வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதிய வேண்டும். பதிவுச் செலவு வழக்கமாக நம்முடையது. நிலுவை இல்லாச் சான்றைக் கொடுத்து "எல்லாம் முடிஞ்சுதும்மா" என்பார்கள். ரசீதுப் பதிவுக்கு எந்தத் தேதியில் அதிகாரி வருவார் என்பதை அப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் அடுத்தவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். பதிவு முடிந்து சில நாள் கழித்து tnreginet.gov.in தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 2017-இல் பதிந்த ஒப்பந்தத்துக்குக் கீழே ரசீது வந்திருந்தால்தான், பட்டா மாற்றத்துக்கோ பாகப்பிரிவினைக்கோ மூன்று பேரும் அடுத்ததாகப் போக முடியும்.